பல வருட சார்ட்டில் ட்ரெண்ட்லைன் முரண்படுகிறதா? லீனியர், லாக் ஸ்கேல் கோளாறுகளை அறிகுறி வாரியாகச் சரிசெய்வது

ஒரே இண்டெக்ஸ், ஒரே தேதிகள், ஒரே இரண்டு புள்ளிகள். ஒருவர் சார்ட்டில் ட்ரெண்ட்லைன் உடைந்து கிடக்கிறது. இன்னொருவர் சார்ட்டில் விலை அதே கோட்டுக்கு வெகு மேலே நிற்கிறது. இருவரும் தவறாக வரையவில்லை. விலை அச்சு ஒருவருக்கு லீனியர், இன்னொருவருக்கு லாக். சில வாரச் சார்ட்டில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. விலை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு ஆன பல வருடச் சார்ட்டில் இதுவே முடிவை மாற்றிவிடும். உங்கள் சார்ட்டில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் சோதனையை எல்லோரும் செய்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

## முதல் சோதனை: இப்போது எந்த ஸ்கேலில் இருக்கிறீர்கள்?

மெனுவைத் தேட வேண்டாம், வலது ஓரத்தில் விலை எண்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். 1000-க்கும் 2000-க்கும் உள்ள இடைவெளியும், 2000-க்கும் 3000-க்கும் உள்ள இடைவெளியும் சமமாக இருந்தால் அது லீனியர். மேலே போகப் போக எண்கள் நெருங்கி, 1000-லிருந்து 2000 வரை உள்ள உயரமும் 2000-லிருந்து 4000 வரை உள்ள உயரமும் சமமாக இருந்தால் அது லாக். அடுத்தவர் அனுப்பிய படத்துக்கும் இதே சோதனை போதும். அச்சு எண்கள் வெட்டப்பட்ட படம் என்றால் அதில் உள்ள ட்ரெண்ட்லைனை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அந்தக் கோடு என்ன சொல்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே வழியில்லை.

டிரேடிங்வியூவில் விலை அச்சின் மேல் ரைட் கிளிக் செய்தால் `Logarithmic` இருக்கும், கீபோர்டில் `Alt + L`. எக்செல்லில் அச்சைத் தேர்ந்தெடுத்து `Format Axis` போய் `Logarithmic scale` டிக் செய்ய வேண்டும். பைத்தானில் மேட்பிளாட்லிப் பயன்படுத்துபவர்களுக்கு `ax.set_yscale("log")`.

இரண்டு ஸ்கேலும் அடிப்படையில் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. லீனியரில் ஒரே உயரம் என்றால் ஒரே அளவு புள்ளிகள். லாகில் ஒரே உயரம் என்றால் ஒரே விகிதம், அதாவது ஒரே சதவீதம். ஆகவே நேர்கோட்டின் பொருளும் மாறுகிறது. லீனியரில் நேர்கோடு 'வருடத்துக்கு இத்தனை புள்ளி' என்கிறது. லாகில் நேர்கோடு 'வருடத்துக்கு இத்தனை சதவீதம்' என்கிறது.

## அறிகுறி 1: பழைய வருடங்கள் தரையோடு தட்டையாகக் கிடக்கின்றன, கடைசி சில வருடங்கள் மட்டும் செங்குத்தாக ஏறுகின்றன

இதைப் பார்த்ததும் 'விலை ராக்கெட் மாதிரி போகிறது, இது குமிழிதான்' என்று தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்புவதற்கு முன் ஒரு கணக்கு. குமிழியே இல்லாத, வருடாவருடம் துல்லியமாக 12 சதவீதம் மட்டும் வளரும் ஒரு விலையை எடுத்துக்கொள்ளுங்கள். 100-ல் தொடங்கினால் 24 வருடத்தில் சுமார் 1518, 30 வருடத்தில் சுமார் 2996. இதை லீனியரில் வரைந்தால் மொத்த உயரத்தில் பாதிக்குச் சற்று மேல் கடைசி 6 வருடங்களுக்கே போய்விடும். வளர்ச்சி வேகம் ஒரு துளியும் மாறவில்லை, ஆனாலும் படம் குமிழியாகத் தெரிகிறது.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது: பழைய வீழ்ச்சிகள் காணாமல் போகின்றன. டவ் ஜோன்ஸ் இண்டெக்ஸ் 1929 செப்டம்பர் 3 அன்று 381.17-ல் முடிந்தது. 1932 ஜூலை 8 அன்று 41.22. 89 சதவீத வீழ்ச்சி. அந்த 381-ஐ மறுபடி தாண்ட 1954 நவம்பர் ஆயிற்று. இப்போது இதே இண்டெக்ஸை 0 முதல் 40,000 வரை லீனியர் அச்சில், 1000 பிக்சல் உயரச் சார்ட்டில் வரையுங்கள். அந்த 340 புள்ளி வீழ்ச்சிக்குக் கிடைப்பது எட்டு, ஒன்பது பிக்சல். கோட்டின் தடிமனுக்குள்ளேயே புதைந்துவிடும். அதே 1000 பிக்சலை 40 முதல் 40,000 வரை லாக் அச்சாக மாற்றினால் அந்த வீழ்ச்சி 320 பிக்சலுக்கு மேல் இறங்கும். ஏறக்குறைய சார்ட்டின் மூன்றில் ஒரு பங்கு.

ஒரு நாள் வீழ்ச்சிகளை ஒப்பிடும்போதும் இதே கோளாறு வரும். 1987 அக்டோபர் 19 அன்று டவ் 508 புள்ளி இழந்தது. 2018 பிப்ரவரி 5 அன்று 1175 புள்ளி. லீனியர் சார்ட்டில் இரண்டாவது வீழ்ச்சி இரு மடங்குக்கும் மேல் நீளமாகத் தெரியும். சதவீதத்தில் முதலாவது 22.6, இரண்டாவது 4.6. 1987-ல் அந்த ஒரே நாளில் முதலீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போனது. படமோ 2018-ஐப் பெரிதாகக் காட்டுகிறது.

சரிசெய்யும் வழி: லாகுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகும் கடைசி வருடங்கள் முன்பைவிடச் செங்குத்தாக வளைந்து மேலே போனால், அது உண்மையிலேயே சதவீத வேகம் கூடுகிறது என்பதற்கு அறிகுறி, அப்போது கவலைப்படலாம். லாகில் நேர்கோடாகிவிட்டால், நீங்கள் லீனியரில் பார்த்தது வெறும் கூட்டுவட்டி வளைவுதான்.

## அறிகுறி 2: ஒரு ஸ்கேலில் ட்ரெண்ட்லைன் உடைந்திருக்கிறது, மற்றதில் உடையவில்லை

இதில்தான் பணம் தொலைகிறது, ஆகவே ஒரு உண்மைச் சார்ட்டை முழுதாக எடுத்துப் பார்த்துவிடுவோம். எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸின் முடிவு விலைகளை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

முதல் புள்ளி, 2008 நிதி நெருக்கடியின் அடிமட்டம்: 2009 மார்ச் 9, 676.53. இரண்டாம் புள்ளி, 2011-ல் வந்த திருத்தத்தின் அடிமட்டம்: அக்டோபர் 3, 1099.23. இரண்டுக்கும் இடையே 938 நாட்கள். இரண்டு பெரிய அடிமட்டங்களை இணைத்து வலப்பக்கம் நீட்டினால் பாடப்புத்தகச் சப்போர்ட் கோடு. இதை எந்த ஸ்கேலில் வரைகிறோம்?

லீனியரில் இந்தக் கோடு சொல்வது: வருடத்துக்கு சுமார் 165 புள்ளி. லாகில் சொல்வது: வருடத்துக்கு சுமார் 20.8 சதவீதம். முதல் இரண்டரை வருடத்தில் இவை கிட்டத்தட்ட ஒரே விஷயம்தான். நீட்டிய பிறகு பிரிகின்றன.

2014 அக்டோபர் 15-க்கு வாருங்கள். இண்டெக்ஸ் 1862.49-ல் முடிந்தது. அன்று லீனியர் கோடு சுமார் 1598-ல் இருக்கிறது, லாக் கோடு சுமார் 1950-ல். லீனியர் சார்ட் வைத்திருந்தவருக்கு விலை சப்போர்ட்டுக்கு 264 புள்ளி மேலே. லாக் சார்ட் வைத்திருந்தவருக்கு 88 புள்ளி கீழே, அதாவது பிரேக்டவுன். ஒரே நாள், ஒரே முடிவு விலை.

அடுத்தது 2016 பிப்ரவரி 11. இண்டெக்ஸ் 1829.08. லீனியர் கோடு சுமார் 1817. விலை கோட்டை ஏறக்குறைய தொட்டு அங்கிருந்து திரும்பி ஏறியது. லாக் கோடோ 2505-க்குப் போய்விட்டது, விலை அதற்கு 27 சதவீதம் கீழே.

இந்த எண்களை நீங்களே சரிபார்க்கலாம். ட்ரெண்ட்லைன் எந்தத் தேதியில் எந்த விலையில் இருக்கிறது என்பதற்கு இரண்டே வரி கணக்கு:

```python
from datetime import date

t1, p1 = date(2009, 3, 9), 676.53
t2, p2 = date(2011, 10, 3), 1099.23
t = date(2016, 2, 11)

k = (t - t1).days / (t2 - t1).days
print(p1 + (p2 - p1) * k)       # linear
print(p1 * (p2 / p1) ** k)      # log
```

இரு புள்ளிகளுக்கும் இடையே உள்ள காலத்தை 1 என்று வைத்தால் நாம் கேட்கும் தேதி எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பதே `k`. லீனியரில் வித்தியாசத்தை `k` மடங்கு கூட்டுகிறோம். லாகில் விகிதத்தை `k` தடவை பெருக்குகிறோம். பெரும்பாலான சார்ட் மென்பொருள்கள் காலண்டர் நாளுக்குப் பதில் வர்த்தக நாட்களை எண்ணி வரைவதால், உங்கள் திரையில் சில புள்ளிகள் முன்பின் இருக்கும். அது பரவாயில்லை. 1817-க்கும் 2505-க்கும் உள்ள இடைவெளியை அது மாற்றாது.

இப்போது யார் சரி? இங்கே அவசரப்பட வேண்டாம். லாக் கோடு 2014-ல் உடைந்ததை 'விற்றுவிடு' என்று படித்தவர் தவறவிட்டது அதிகம். அதற்குப் பின் இண்டெக்ஸ் 2020 பிப்ரவரி 19-ல் 3386.15 வரை போனது. ஆனால் லாக் கோடு பொய் சொல்லவும் இல்லை. 'வருடத்துக்கு 20.8 சதவீதம் என்ற வேகம் முடிந்துவிட்டது' என்றது, அது நடந்தது. நெருக்கடியின் அடிமட்டத்திலிருந்து துள்ளி எழும் வேகம் வருடக்கணக்கில் நீடிக்காது. அந்த வேகத்தையே இரு புள்ளிகளிலும் பிடித்து நீட்டியதால் கோடு விரைவில் உடையத்தான் செய்யும். கோடு உடைந்ததை 'ஏற்றம் முடிந்தது' என்று மொழிபெயர்த்துக்கொண்டதுதான் பிழை.

லீனியர் கோடு தாக்குப்பிடித்ததற்கும் காரணம் இருக்கிறது. 165 புள்ளி என்பது 676-ல் 24 சதவீதம், 1829-ல் 9 சதவீதம். ஆக, மேலே ஏறும் லீனியர் கோடு சதவீதக் கணக்கில் வருடாவருடம் மெதுவாகிக்கொண்டே வரும் கோடு. விலை தளர்ந்தாலும் அது கூடவே தளர்ந்து இடம் கொடுக்கிறது. 2018 டிசம்பர் 24-ல் இண்டெக்ஸ் 2351.10-க்கு இறங்கியபோதும் லீனியர் கோடு சுமார் 2288-ல், இன்னும் கீழே. கடைசியில் 2020 மார்ச்சில்தான் கோடு தெளிவாக உடைந்தது. 23-ம் தேதி முடிவு விலை 2237.40, கோடு சுமார் 2493-ல். ஆனால் அதே ஆகஸ்டில் இண்டெக்ஸ் புதிய உச்சத்தைத் தொட்டுவிட்டது. இந்த ஒரு சார்ட்டில் லீனியர் கோடு அதிக காலம் பிடித்தது என்பதற்காக அதுவே சிறந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நெருக்கடி அடிமட்டத்தில் தொடங்கும் கோட்டுக்கு அந்த இளக்கம் பொருந்தியது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. எந்த இரு புள்ளிகளை இணைத்தாலும், இரண்டாம் புள்ளியைத் தாண்டிய பின் லாக் கோடு எப்போதும் லீனியர் கோட்டுக்கு மேலே இருக்கும். இரு புள்ளிகளுக்கும் நடுவே எப்போதும் கீழே இருக்கும். ஏறும் கோட்டுக்கும் இறங்கும் கோட்டுக்கும் இது பொருந்தும்.

ஏற்றத்தில் கீழே போடும் சப்போர்ட் கோடு லாகில்தான் முதலில் உடையும், நாம் பார்த்ததைப் போல. இறக்கத்தில் மேலே போடும் ரெசிஸ்டன்ஸ் கோடு இதற்கு நேரெதிர்: லீனியரில்தான் முதலில் உடையும். 100-லிருந்து 50-க்கு இரண்டு வருடத்தில் இறங்கிய பங்கை எடுத்தால், நான்காம் வருட முடிவில் லீனியர் கோடு 0-வில் நிற்கும், லாக் கோடு 25-ல். விலை வெறுமனே 15-ல் பக்கவாட்டில் கிடந்தாலும் லீனியர் சார்ட்டில் 'பிரேக்அவுட்' என்று தெரியும். பல வருடமாக வீழ்ந்த பங்குகளில் அடிக்கடி காட்டப்படும் பிரேக்அவுட்கள் பலவும் இந்த வகைதான். பங்கு ஏறவே இல்லை. கோடு பூஜ்யத்தை நோக்கி இறங்கி விலையைக் கடந்து போயிருக்கிறது. நீண்ட இறக்கத்தில் இருக்கும் பங்குக்கு லீனியர் ரெசிஸ்டன்ஸ் கோட்டை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

சரிசெய்யும் வழி: முடிவைப் பார்த்துவிட்டு ஸ்கேலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கோடு போடுவதற்கு முன்பே, சார்ட்டில் தெரியும் மிகக் குறைந்த விலையையும் மிக அதிக விலையையும் வகுத்துப் பாருங்கள். 1.2 மடங்குக்குள் இருந்தால் எந்த ஸ்கேலானாலும் சரி. 100-லிருந்து 120 வரை போகும் கோட்டின் நடுவில் லீனியர் 110 என்கிறது, லாக் 109.5 என்கிறது. அந்த வித்தியாசம் ஒரு நாள் அலைச்சலுக்குள் அடங்கிவிடும். 2 மடங்கு என்றால் நடுவில் 150-க்கு 141. 4 மடங்கு என்றால் 250-க்கு 200. இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டால் லாகில் வரையுங்கள். லீனியர் கோடும் வேண்டும் என்றால் தனியாக வரைந்து, அதன் சரிவை இன்றைய விலையின் சதவீதமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'வருடத்துக்கு 9 சதவீதம்' என்று எழுதிப் பார்த்தால் அந்தக் கோடு எவ்வளவு இளகியது என்பது தெரிந்துவிடும்.

## அறிகுறி 3: ஸ்கேலை மாற்றியதும் நான் போட்ட கோடு இடம் மாறிவிட்டது

கோடு மாறவில்லை. டிரேடிங்வியூ மாதிரியான தளங்களில் ட்ரெண்ட்லைன் இரண்டு நங்கூரப் புள்ளிகளாக, தேதியும் விலையுமாக மட்டுமே சேமிக்கப்படுகிறது. எந்த ஸ்கேலில் இருந்தாலும் அந்த இரு புள்ளிகளைத் திரையில் நேராக இணைக்கிறது. ஸ்கேல் மாறினால் இரு முனைகளும் அதே விலையில் இருக்கும். நடுவிலும் நீட்டிய பகுதியிலும் கோடு கடக்கும் விலைகள் மாறும். முன்பு நடுவில் நான்கு கேண்டில்களைச் சுத்தமாகத் தொட்ட கோடு இப்போது அவற்றை வெட்டிக்கொண்டு போகும்.

இதில் கவனிக்க வேண்டியது அலர்ட். கோட்டின் மேல் அலர்ட் போட்டிருந்து, பிறகு ஸ்கேலை மாற்றினால், அலர்ட் எந்த விலையில் அடிக்கும் என்பது நீங்கள் நினைத்தது போல இருக்காது. ஸ்கேலை மாற்றிய நாளிலேயே அலர்ட்டை அழித்துப் புதிதாகப் போட்டுவிடுவது பாதுகாப்பு. அதைவிட நல்லது, மேலே உள்ள கணக்கில் அன்றைய விலையை எடுத்து அதற்கே நேரடி விலை அலர்ட் வைப்பது.

எக்செல்லில் அறிகுறி வேறு மாதிரி வரும். அங்கே `Add Trendline` கொடுத்து `Linear` தேர்ந்தெடுத்த கோடு, அச்சை லாகுக்கு மாற்றியதும் வளைந்துவிடும். அது கோளாறில்லை. அந்தக் கோடு இரு முனைகளை இணைத்ததல்ல, எல்லாப் புள்ளிகளுக்கும் பொருத்திய புள்ளிக் கணக்குக் கோடு. லாக் அச்சில் அது வளைந்துதான் தெரியும். லாக் அச்சோடு பொருந்த வேண்டுமென்றால் ட்ரெண்ட்லைன் வகையை `Exponential` ஆக்குங்கள். அது லாக் அச்சில் நேராக நிற்கும்.

மூவிங் ஆவரேஜ் மாதிரியான இண்டிகேட்டர்களின் மதிப்பு ஸ்கேலால் மாறாது, தெரியும் வடிவம் மட்டும் மாறும்.

## அறிகுறி 4: சதவீத அச்சு வைத்தேன், ஆனாலும் சார்ட் லீனியர் போலவே இருக்கிறது

மிகச் சாதாரணமாக நடக்கும் குழப்பம் இது, பலருக்கு இருப்பதே தெரியாது. டிரேடிங்வியூவில் `Percent` என்ற தேர்வு லாக் இல்லை. திரையில் தெரியும் முதல் விலையை அடிப்படையாக வைத்து, லீனியர் அச்சின் எண்களைச் சதவீதமாகப் பெயர் மாற்றி எழுதுகிறது. வடிவம் லீனியரேதான்.

100-ல் தொடங்கும் பங்கு 200-க்குப் போனால் அச்சு 100% என்கிறது. 300-க்குப் போனால் 200%. இந்த இரண்டு படிகளும் திரையில் சம உயரம். ஆனால் 200-ல் வாங்கியவருக்கு இரண்டாவது படியில் கிடைத்தது 50 சதவீதம்தான். அதோடு சார்ட்டை இடப்பக்கம் நகர்த்தினால் முதல் விலை மாறும், அச்சில் உள்ள எல்லா சதவீதமும் கூடவே மாறும். நேற்று '140%' கோட்டில் சப்போர்ட் என்று குறித்து வைத்தது இன்று வேறு எண்ணாகத் தெரியும்.

சதவீத அச்சு இரண்டு பங்குகளை ஒரே தேதியிலிருந்து ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். ட்ரெண்ட்லைன் வேலைக்கு லாக்.

## அறிகுறி 5: லாகுக்கு மாற்றிய பிறகு வீழ்ச்சிகள் எல்லாம் சாதுவாகத் தெரிகின்றன

லீனியரின் குறையைச் சொல்லிவிட்டு லாகின் குறையை விட்டுவிட்டால் அது நியாயமாகாது. நூறு வருடச் சார்ட்டை லாகில் பார்த்தால் எல்லாமே இடமிருந்து வலமாக அமைதியாக ஏறும் ஒரு சரிவாகத் தெரியும். 2007 அக்டோபர் 9 முதல் 2009 மார்ச் 9 வரை எஸ் அண்ட் பி 500 1565.15-லிருந்து 676.53-க்கு விழுந்தது. 56.8 சதவீதம். நூறு வருடச் சார்ட்டில் அது ஒரு பள்ளம், அவ்வளவே.

இங்கே கண் செய்யும் பிழை இது: லாகில் மேலே போகும் உயரமும் கீழே போகும் உயரமும் விகிதமாகச் சமம், சதவீத எண்ணாகச் சமமில்லை. 50 சதவீத வீழ்ச்சியும் 100 சதவீத ஏற்றமும் ஒரே நீளம். ஆகவே ஒரு வீழ்ச்சிக்கும் அதற்கு முந்தைய ஏற்றத்துக்கும் நீளம் சமம் என்று பார்த்துவிட்டு, 'ஏறியது 100 சதவீதம், ஆக இறங்கியதும் 100 சதவீதம்' என்று மனதில் பதிவாகிறது. அல்லது கீழே போன நீளம் சிறிதாக இருப்பதால் இழப்பும் சிறிது என்று தோன்றுகிறது. மேலே சொன்ன வீழ்ச்சியிலிருந்து பழைய உச்சத்துக்கு மீள 131 சதவீதம் ஏற வேண்டியிருந்தது. 1929 வீழ்ச்சிக்கு 825 சதவீதம்.

சரிசெய்யும் வழி, வீழ்ச்சியின் ஆழத்தைச் சார்ட்டின் நீளத்தால் அளக்காதீர்கள். உச்சத்திலிருந்து எத்தனை சதவீதம் கீழே என்பதைத் தனி வரியாகக் கணக்கிட்டு, கீழே தனிப் பேனலில் லீனியர் அச்சில் வரையுங்கள். 0-வில் தொடங்கி கீழே மைனஸ் 100 வரை போகும் அந்தப் பேனலில் எந்த வருட வீழ்ச்சியும் அதன் உண்மை ஆழத்தோடு தெரியும். விலைக்கு லாக், வீழ்ச்சிக்கு லீனியர். பல வருடச் சார்ட்டுக்கு எனக்குத் தெரிந்த நல்ல ஜோடி இதுதான்.

## அறிகுறி 6: சேனல், இலக்கு, ஃபிபோனாச்சி அளவுகள் இரண்டு ஸ்கேலிலும் ஒத்துவரவில்லை

லீனியரில் இணைகோட்டுச் சேனல் என்றால் அகலம் நிலையான புள்ளிகள். விலை நான்கு மடங்கானால், தொடக்கத்தில் 40 சதவீத அகலமாக இருந்த சேனல் முடிவில் 10 சதவீதமாகச் சுருங்கிவிடும். விலை அதன் வழக்கமான சதவீத அலைச்சலில் அலைந்தாலே சேனலின் இரு பக்கமும் மாறி மாறி உடையும். இந்த அறிகுறி கண்டால் லாகில் மறுபடி வரையுங்கள்.

ஃபிபோனாச்சியில் வித்தியாசம் இன்னும் பெரிது. எஸ் அண்ட் பி 500 676.53-லிருந்து 3386.15 வரை ஏறியதற்கு 50 சதவீத ரிட்ரேஸ்மெண்ட், அதாவது ஏறியதில் பாதி திரும்பி இறங்கும் விலை, லீனியரில் 2031. லாகில் அதே நடுப்புள்ளி 1514. 2020 மார்ச் அடிமட்டம் 2237. லீனியர் கணக்கில் 'பாதிக்குச் சற்று முன்பே திரும்பியது' என்று சொல்லலாம். லாக் கணக்கில் பாதியின் அருகே கூட வரவில்லை. இதில் ஒரு பொறி: பல மென்பொருள்களில் அச்சை லாகுக்கு மாற்றினாலும் ஃபிபோனாச்சி கருவி புள்ளிக் கணக்கிலேயே அளவுகளைப் போடும். கருவியின் அமைப்புகளில் லாக் கணக்குக்குத் தனித் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நடுப்புள்ளியை இரு விலைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துக் கையால் குறிக்கலாம்.

## அறிகுறி 7: லாக் தேர்ந்தெடுத்ததும் சார்ட்டில் ஓட்டை விழுகிறது, அல்லது கோடே வரவில்லை

தரவில் பூஜ்யமோ அதற்குக் கீழோ இருக்கிறது. லாக் அச்சில் பூஜ்யத்துக்கு இடமே கிடையாது. எவ்வளவு கீழே போனாலும் 1, 0.1, 0.01 என்று போய்க்கொண்டே இருக்கும். 2020 ஏப்ரல் 20 அன்று டபிள்யூடிஐ கச்சா எண்ணெயின் மே மாத ஃபியூச்சர்ஸ் பேரலுக்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அந்தக் காண்ட்ராக்ட் உள்ள தொடர் சார்ட்டை லாகில் போட்டால் அந்த நாள் காணாமல் போகும். வட்டி விகிதங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ஜெர்மனியின் 10 ஆண்டு அரசுக் கடன்பத்திர வட்டி 2019-ல் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது. வட்டி, இரண்டு விலைகளின் வித்தியாசம், வர்த்தகக் கணக்கின் லாப நஷ்டம் இவற்றுக்கெல்லாம் லீனியரே சரி, ஏனென்றால் அவை விகிதத்தில் வளரும் விஷயங்கள் இல்லை.

விலை எப்போதுமே மைனஸ் ஆகாத பொருளிலும் இது நடந்தால் சந்தேகிக்க வேண்டியது தொடர் ஃபியூச்சர்ஸ் தரவை. ஒரு மாதக் காண்ட்ராக்டிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது வரும் இடைவெளியை, பழைய விலைகள் எல்லாவற்றிலும் புள்ளிகளாகக் கூட்டியோ கழித்தோ மூடுவார்கள். கழித்தல்களே அதிகமானால், பத்து, இருபது வருடத்தில் அவை சேர்ந்து, பழைய விலைகளைப் பூஜ்யத்துக்கு அருகிலோ கீழேயோ தள்ளிவிடும். பூஜ்யத்தைத் தொடாவிட்டாலும் கெடுதல்தான். 50-ல் வர்த்தகமான பொருள் தரவில் 8 என்று இருந்தால், அன்று 2 புள்ளி அசைந்தது 4 சதவீதமாகத் தெரியாமல் 25 சதவீதமாகத் தெரியும். லாக் சார்ட் அதைப் பெரிய நிலநடுக்கமாக வரையும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய தேதியை எடுத்து, அன்றைய காண்ட்ராக்டின் உண்மை முடிவு விலையோடு ஒப்பிடுங்கள். ஒத்துவரவில்லை என்றால், கழித்தலுக்குப் பதில் விகிதத்தால் பெருக்கிச் சரிசெய்த தொடரைத் தரவு வழங்குபவரிடம் கேளுங்கள். அதிலும் பழைய விலைகள் உண்மை விலைகளாக இருக்காது, ஆனால் ஒவ்வொரு நாளின் சதவீத மாற்றமும் அப்படியே காப்பாற்றப்பட்டிருக்கும். அசல் விலைகள் பூஜ்யத்துக்கு மேலே இருக்கும்வரை தொடரும் மேலேயே இருக்கும், லாக் அச்சில் தடையின்றி வரும்.